மூஞ்சி எங்கம்மா போச்சு?

(சுங்கை சிப்புட் பக்கம், சந்தைக்கு எதிர்வரிசைல ஒரு போட்டோ ஸ்டூடியோ. தீபாவளிக்கு மூணு வாரம். முறுக்கு வியாபாரி மாரி அண்ணன் ஹெல்மெட்டைக் கூட கழட்டாம உள்ள வர்றார்.)

மாரி: தங்கச்சி, நீ எடிட் பண்ணி குடுத்த படத்தை வாட்ஸாப் புரொஃபைல்ல போட்டதுல இருந்து ஒருத்தனும் ஆர்டர் குடுக்க மாட்றான்லா! நாலு பேரு "யாருங்க நீங்க"ன்னு கேக்குறான், எங்க மச்சான் ஸ்கேம்னு நெனச்சி பிளாக்கே பண்ணிட்டான்.

தேவி: நீங்கதானேண்ணே பத்து வயசு கொறைக்க சொன்னீங்க?

மாரி: வயசத்தான கொறைக்க சொன்னேன், ஆளையே மாத்த சொன்னனா?

தேவி: போனைக் காட்டுங்க. (பார்க்கிறாள்) ம்ம்... படத்தை தொறந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு. சாட் லிஸ்ட்ல பாத்தாத்தான் அவிச்ச முட்டைக்கு கோட்டு மாட்டுன மாதிரி இருக்கு.

மாரி: அதான் சொல்றேன்!

தேவி: தப்பு என்னோடதுதாண்ணே. நான் பெரிய ஸ்கிரீன்ல ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்து வேலை செஞ்சிட்டேன், ஜனங்க பாக்கறது கட்டவெரல் நகம் அளவு வட்டத்துல. இருங்க, இப்ப படத்தை 100 பிக்சலுக்கு சுருக்கி காட்டுறேன். நீங்க இடுப்பு வரைக்கும் நிக்கிறீங்க, பின்னால அருவி வேற, மூஞ்சி படத்துல அஞ்சுல ஒரு பங்குதான். அப்ப மூஞ்சிக்கு கெடச்சது 20 புள்ளி உயரம், ஒரு கண்ணுக்கு மூணு புள்ளி. மூணு புள்ளில கண்ணு எப்பிடிண்ணே தெரியும்?

மாரி: அருவிக்குத்தான் நான் பத்து வெள்ளி கூட குடுத்தேன்.

தேவி: அருவி நல்லா தெரியுது, நீங்கதான் தெரியல.

மாரி: சரி, மூஞ்சிய மட்டும் வெட்டி பெருசா வை, முடிஞ்சிச்சி.

தேவி: வெச்சிட்டேன், பாருங்க. இப்ப மூஞ்சி 65 புள்ளி, கண்ணு ஒம்போது. அப்பவும் நீங்களா தெரியுதா?

மாரி: ...என் தம்பி மாதிரி இருக்கு.

தேவி: உங்களுக்குத்தான் தம்பியே இல்லியே. சின்னதாக்கும்போது போன் என்ன செய்யும்னா, பக்கத்து பக்கத்து புள்ளிங்கள கலந்து ஒண்ணாக்கிடும். பரு, சுருக்கம், தோலு பொத்தல் எல்லாம் அதுலயே கரைஞ்சி போயிரும், நான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து தொடச்சது யாருக்குமே தெரியாது. கடைசில நிக்கிறது கருப்பும் வெளுப்பும் பெரிய பெரிய திட்டா இருக்கிற எடம் மட்டும்தான், புருவம், கண்குழி, மூக்கோரத்து நிழல், மீசை, ஒதட்டுக்குக் கீழ இருக்கிற நிழல். வெள்ளையாக்குறேன்னு அந்த நிழலையும் சேத்து தொடச்சிட்டேன், நரை தெரியக்கூடாதுன்னு மீசையை மங்கலாக்கிட்டேன்.

மாரி: அடிப்பாவி, முப்பது வருஷ மீசை!

தேவி: தோலு அப்பிடியே வழவழன்னு இருக்கட்டும், அதால நஷ்டமில்ல. மூக்கோரத்து நிழல்ல பாதிய திருப்பி கொண்டாறேன், மீசையும் புருவமும் பழைய கருப்புக்கே வரட்டும். அப்பறம் இது ஒண்ணு, படத்தை கருப்பு வெள்ளையாக்கி பாருங்க, தலைமுடி எங்க முடியுது?

மாரி: பாறையோட ஒட்டிக்கிச்சி.

தேவி: ஆமா. கலர்ல பாத்தா பாறை பச்சை, முடி கருப்பு, தனித்தனியா தோணும், ஆனா ரெண்டும் ஒரே அளவு இருட்டு. தலையோட வடிவமே போயிருச்சி, அதான் முட்டை. பின்னால வெளிச்சமாக்குறேன். வட்டம் நாலு மூலையையும் வெட்டிரும், அதனால தலைக்கு மேல கொஞ்சம் எடமும் விடுறேன்.

(பத்து நிமிஷம். மாரி அண்ணன் மைலோ பாக்கெட்டை உறிஞ்சி முடிக்கிறார்.)

மாரி: ஆ, இதான் நானு! வயசும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு.

தேவி: நீங்க சொல்றது கணக்குல சேராதுண்ணே, உங்க மூஞ்சி உங்களுக்கு தெரியாதா? நானும் காலைல இருந்து இதையேதான் பாத்துட்டு இருக்கேன், எனக்கு முட்டை கூட நீங்களாத்தான் தெரியும். உங்களை நேர்ல பழகுன ஆளு, ஆனா இந்த படத்தை பாக்காத ஆளு வேணும். பேரை மறைச்சி, இன்னும் ஏழெட்டு வட்டத்துக்கு நடுவுல இதை வெச்சி, கையை நீட்டிப் பிடிச்சி காட்டணும். கிட்ட கொண்டு போனா உத்துப் பாத்து யூகிச்சிருவாங்க.

மாரி: யார்கிட்ட காட்டுவ?

தேவி: பக்கத்து மளிகைக்கடை அங்கிள்கிட்டதான்.

மாரி: ஏய், அவரு வேணாம்லா, வேற யாராச்சும்...

(தேவி அதுக்குள்ள வாசலுக்குப் போய் போனை நீட்டிப் பிடிக்கிறாள்.)

தேவி: அங்கிள், இதுல உங்களுக்கு தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?

குரல்: மூணாவது வட்டம் நம்ம மாரிதானே? ரெண்டு மாசமா ஆளையே காணோம், அரிசி மாவு பாக்கி 43 வெள்ளி நிக்குது! இப்ப எங்க இருக்கான்?

மாரி: (ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டே) தங்கச்சி... அந்த முட்டை படத்தை அழிச்சிட்டியா?