வெள்ளாட்டுக் குட்டிக்குக் கன்றுக் கணக்கு ஆகாது

"கன்னோ குட்டியோ, மூணு மாசத்துக்குள்ள எப்ப வேணா கொம்பு சுடலாம். மரப்பு ஊசி எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியில்லை.

கன்றுக்கே இரண்டு மாத வாக்கில் கொம்புக் குருத்து மண்டையோட்டோடு ஒட்டிவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் முடிப்பது நல்லது. வெள்ளாட்டுக் குட்டிக்குப் பத்து நாளுக்குள். அதன் மண்டையோடு மெல்லியது. கன்றுக்குப்போல் சூட்டுக்கோலை அழுத்திப் பிடித்தால் மூளையே பாதிக்கும். மூன்று, நான்கு விநாடியில் எடுத்துப் பாருங்கள். குருத்தைச் சுற்றிச் செம்பு நிற வளையம் முழுசாகத் தெரிய வேண்டும். விட்டுப்போன பக்கம் கோணல் கொம்பு முளைக்கும்.

ஊசி கட்டாயம் வேண்டும், ஆனால் மருத்துவர் கையால். குட்டிக்கு அளவு கூடினால் வலிப்பு வரும்.

சூட்டுக்கோலுக்குப் பதில் குருத்தைக் கரிக்கும் காரப்பசை தடவுகிறவர்களுக்கு: கன்றுக்குச் சரி, ஆனால் மழையில் நனைந்தால் பசை கண்ணுக்கு வழியும்.

அப்புறம், சுட்ட இடத்துப் பொருக்கை உரிக்காதீர்கள். ஈ மொய்த்தாலோ சீழ் நாறினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.