பாலும் சீனியும் உப்பும் ஒரே வேலைதானா?

“உப்போ சீனியோ பாலோ, எல்லாம் கசப்பை மூடி மறைக்கிறதுதான். எது கையில் இருக்கோ அதைக் கூடுதலாப் போடுங்க, சரியாயிடும்.”

அப்படி இல்லை அண்ணே. மூன்றும் வேலை செய்யும் இடமே வேறு.

நம்ம யாங்கூன் டீக்கடை டிக்காஷனையே எடுத்துக்குங்க. ரொம்ப நேரம் கொதிச்சதில் கசப்போடு துவர்ப்பும் ஏறியிருக்கும். ஈறு வறண்டு இழுக்கும். பாலில் இருக்கிற கேசீன் புரதம் அந்தத் துவர்ப்புச் சத்தைக் கோப்பைக்குள்ளேயே பிடிச்சுக்கும். கஃபீனின் கசப்பைப் பால் அவ்வளவாகத் தொடாது. சீனி எதையும் பிடிக்காது. கசப்பு நாக்கில் அப்படியே படும், இனிப்பும் சேர்ந்து வருவதால் மூளையில் அது அமுங்கித் தெரியும். அதனால்தான் சீனி மட்டும் எவ்வளவு போட்டாலும் ஈறு வறட்சி போகாது. கண்டென்ஸ்டு மில்க்கில் இரண்டும் இருக்கு, டீக்கடைக்காரர் விவரமானவர்.

உப்பு நாக்கிலேயே கசப்பு உணர்வைக் குறைக்கும். எப்படி என்பது இன்னும் முழுசாத் தெளிவாகலை. எல்லாக் கசப்புக்கும் ஒரே மாதிரி கேட்கவும் கேட்காது. அரை லிட்டர் டிக்காஷனுக்கு இரண்டு விரல் கிள்ளு போதும். கரிப்பு தெரிஞ்சாலே அளவு மிஞ்சிருச்சு. நீங்க சொல்ற மாதிரி “கூடுதலாப் போட்டால்” டீயைக் கொட்ட வேண்டியதுதான்.

“உப்பு அமிலத்தை முறிக்கும்” என்ற தம்பிக்கு: உப்பு போட்டால் கசப்பு குறையும் என்பது சரி, காரணம் தப்பு. அமிலத்தை முறிக்கிறது சோடா உப்பு.

பாகற்காய்க் கசப்பை உப்பு எப்படிக் குறைக்குதுன்னு கேட்ட அக்கா, அது வேற கதை. உப்புப் பிசறி வைத்தால் நீர் விடும். பிழியும்போது கசப்பில் கொஞ்சம் அந்த நீரோடு போகும். பிழியாமல் விட்டால் அந்தப் பலன் கிடைக்காது.