எழுபது எழுத்துக்குள் வணக்கம் எதற்கு?

பட்டன் போனுக்கென்றே உருவாக்கிய விவசாயச் செய்திச் சேவையாம். வானிலையும் காய்கறி விலையும் தினமும் எஸ்எம்எஸ்ஸில் வரும், ஸ்மார்ட்போன் வேண்டாம், நெட் வேண்டாம், மாதாமாதம் பேலன்ஸில் ஒரு தொகை கழியும், அவ்வளவுதான் என்றார்கள். நல்ல யோசனைதானே என்று அப்பாவும் சேர்ந்தார். எங்களுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் தக்காளித் தோட்டம், காய் போவது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு. சேர்ந்ததிலிருந்து எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: இதை வடிவமைத்தவர் வாழ்நாளில் ஒருமுறையாவது பட்டன் போனில் ஒரு தமிழ் மெசேஜைத் திறந்து பார்த்திருப்பாரா?

மெசேஜ் இப்படித்தான் ஆரம்பிக்கிறது: "அன்பார்ந்த விவசாயிகளே வணக்கம்". பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். அந்த எழுபதும் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. புள்ளிக்கு ஒரு இடம், காலுக்கு ஒரு இடம், கொம்புக்கு ஒரு இடம் போகும். 'தக்காளி' நமக்கு நாலு எழுத்து, போனுக்கு ஏழு. எழுபதைத் தாண்டினால் மெசேஜ் துண்டு துண்டாக உடையும், துண்டுகளைத் திரும்ப ஒட்டுவதற்கான குறிப்புக்கு மூன்று இடம் போய்விடுவதால் ஒவ்வொரு துண்டிலும் மிஞ்சுவது 67. இப்போது அந்த வணக்கத்தை எண்ணிப் பாருங்கள், இடைவெளியோடு சேர்த்து 29. முதல் துண்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, கும்பிடு போட்டே தீர்ந்துவிட்டது! அதற்குப் பிறகு சேவையின் பெயர், மாவட்டம், "இன்றைய சந்தை நிலவரம் பின்வருமாறு". விலை மூன்றாவது துண்டில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மூன்றாவது துண்டு வந்து சேர்ந்தால்தான் உண்டு. எங்கள் பக்கம் சிக்னல் மோட்டார் ரூம் மேல் ஏறி நின்றால் வரும், இறங்கினால் போகும். இன்பாக்ஸோ லோன் வேண்டுமா, ரீசார்ஜ் செய்யுங்கள் என்கிற குப்பையால் எப்போதும் நிறைந்தே இருக்கும். துண்டு ஒன்று குறைந்தால் அப்பாவின் போன் பாதி மெசேஜைக் காட்டி, மீதியில்லை என்று சொல்லும். ஆக அவருக்குக் கிடைப்பது வணக்கம், தலைப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. அனுப்புகிறவருக்கும் துண்டுக்கு ஒரு மெசேஜ் என்றுதானே காசு கணக்காகும், அந்தக் கணக்காவது உறைக்க வேண்டாமா?

சரி, மூன்று துண்டும் வந்த நாளைப் பார்ப்போம். "தக்காளி ரூ.1500/குவிண்டால்". எங்கள் ஊரில் தக்காளியைக் குவிண்டாலில் பேசுகிற ஒரு ஆளைக் காட்டுங்கள். 14 கிலோ பெட்டிக் கணக்குதான். 1500 என்றால் கிலோ 15, பெட்டி 210. இந்தக் கணக்கை அப்பா மனதிலேயே போட்டுவிடுவார், அது பிரச்சினை இல்லை. அது என்ன விலை என்பதுதான் பிரச்சினை. அரசின் அக்மார்க்நெட் தளத்தில் ஒரு மார்க்கெட்டுக்குக் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு போன விலை என்று மூன்று போடுகிறார்கள். இவர்கள் ஒற்றை எண்ணைத் தூக்கி அனுப்புகிறார்கள், அது எது என்று சொல்வதில்லை, எந்தத் தேதி என்றும் சொல்வதில்லை. செங்காயா, பழமா, பொடியா என்று பார்த்துப் பெட்டிக்குப் பெட்டி விலை மாறுகிற சரக்குக்கு ஒற்றை எண்ணை வைத்து என்ன செய்வது? அதுவும் காலை பதினோரு மணிக்கு மேல் வருகிறது. நாளைக்குப் பறிப்பா இல்லையா என்று முந்தின நாள் சாயங்காலமே முடிவெடுத்து ஆள் சொல்லியாக வேண்டும். மெசேஜ் வரும்போது வண்டி போயே போய்விட்டது.

நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்: "ஒட்டன்சத்திரம் தக்காளி 14கிலோ பெட்டி ரூ.180-260, 12/6". விலை சும்மா உதாரணத்துக்குப் போட்டது. மார்க்கெட், சரக்கு, அளவு, கீழ் விலை, மேல் விலை, தேதி எல்லாம் இருக்கிறது, மொத்தம் 53 இடம். ஒரே துண்டு. இன்னும் 17 இடம் சும்மா கிடக்கிறது, ஆசையாக இருந்தால் அதில் வணக்கம் சொல்லிக்கொள்ளட்டும்.

இதைக் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "டெம்ப்ளேட் அப்படித்தான் சார் பதிவாகியிருக்கு, மாத்த முடியாது" என்றார் அந்தத் தம்பி. பாதி உண்மைதான். ஸ்பேமைத் தடுக்க, நிறுவனங்கள் அனுப்பும் மெசேஜின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிந்ததோடு ஒத்துப்போகாததை டெலிகாம் கம்பெனி வழியிலேயே நிறுத்திவிடும். ஆனால் அந்த வாசகத்தை எழுதிப் பதிந்தது யார், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயா? புதிதாக ஒன்றை எழுதிப் பதிய வேண்டியதுதானே! தம்பி மேல் கோபமில்லை, அவருக்கு மேலே இருக்கிறவர்கள் மேல்தான்.

வானிலை மெசேஜ் இதைவிட மோசம். "மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழைக்கு வாய்ப்பு." வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் இந்தச் சொற்களுக்கெல்லாம் அளவு உண்டு. லேசான மழை 2.5 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, மிதமான மழை 64.4 வரை போகிறது. ஒரு முனையில் தூசி அடங்கும், மறுமுனையில் பாத்தி மூழ்கும். ஓரிரு இடங்கள் என்றால் மழைமானிகளில் கால்வாசி வரைக்கும். மாவட்டமோ கொடைக்கானலையும் வேடசந்தூரையும் ஒன்றாகப் போட்டுக் கட்டியது, அங்கே சாரல் அடிக்கும்போது இங்கே புழுதி பறக்கும். ஆய்வு மையத்தைக் குறை சொல்லவில்லை, அவர்கள் மாவட்டத்துக்குப் பொதுவாகச் சொல்கிறார்கள். காசு வாங்குகிற சேவை அதை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்புவதற்குப் பெயர் என்ன? மருந்து அடிக்கலாமா கூடாதா, அதுதான் கேள்வி. அடித்த சில மணி நேரத்தில் மழை வந்தால் மருந்துக் காசும் ஆள் கூலியும் மண்ணுக்குள். எங்கள் வட்டாரத்துக்கு இன்றிரவு மழை வாய்ப்பு அதிகமா குறைவா என்று ஒரே ஒரு சொல் போதுமே.

இதற்கெல்லாம் மேலே, மெசேஜின் கடைசியில் "மேலும் விவரங்களுக்குச் செயலியைப் பதிவிறக்கவும்" என்று ஒரு லிங்க். பட்டன் போனில்! அதை எங்கே அழுத்துவது, நடுவில் இருக்கிற பெரிய பட்டனையா?

கடைசியில் நிறுத்திவிடலாம் என்று முடிவானது. வருகிற மெசேஜுக்கு அப்படியே பதில் அனுப்ப முடியாது, அனுப்பியவர் இடத்தில் எண் இல்லை, ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. எப்படி நிறுத்துவது என்கிற விவரம் சேர்ந்த அன்று வந்த மெசேஜில் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். வேறொரு எண்ணுக்கு STOP என்று அனுப்ப வேண்டுமாம். S வர 7-ஐ நாலு தடவை, T-க்கு 8, O வர 6-ஐ மூன்று தடவை, P-க்கு மறுபடி 7. அப்பா பொறுமையாகத்தான் அழுத்தினார், கை கொஞ்சம் தாமதித்தால் S-க்குப் பதில் R விழுந்துவிடுகிறது. அனுப்பியும் பேலன்ஸ் கழிந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனிலும் இப்படி ஏதாவது சேவை பேலன்ஸைக் கரைத்துக்கொண்டிருந்தால் 155223-ஐக் கூப்பிடுங்கள், அல்லது அதற்கே STOP அனுப்புங்கள். பேலன்ஸில் கழியும் சேவைகளை நிறுத்துவதற்கென்றே டிராய் வைக்கச் சொன்ன எண் அது, காசு பிடிக்காது. சேவைக்காரர்கள் இந்த எண்ணை உங்களுக்கு எந்தத் துண்டிலும் அனுப்ப மாட்டார்கள்.