உழைத்த காசைக் கேட்கவும் பணிவு வேண்டுமாம்!

எட்டாம் தேதி ஆகிவிட்டது, சம்பளம் வரவில்லை. கொரட்டூரில் வாடகைக்கு இருக்கும் ஒருவனுக்கு இதன் பொருள் என்னவென்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்திருக்கும் எங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரியுமா? வீட்டுக்காரர் ஐந்தாம் தேதியே வாசலில் நிற்கிறார். வண்டிக் கடன் தவணையோ யாரையும் கேட்பதில்லை. 2021 ஆகஸ்ட் முதல் தானியங்கிப் பற்று ஞாயிற்றுக்கிழமையும் நடக்கிறது. கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர்கள் ஒரு பக்கம் என்று இரண்டு அபராதம். எடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் நாள் தவறாமல் எடுக்கிறார்கள். கொடுக்க வேண்டியவர்கள் மட்டும் "ஆகிக்கொண்டிருக்கிறது" என்கிறார்கள். என்ன ஆகிக்கொண்டிருக்கிறது? யாருக்கு ஆகிக்கொண்டிருக்கிறது?

எங்கள் ஸ்டோரில் வேலை செய்யும் தம்பி ஒருவன் போனில் தட்டி வைத்திருந்த செய்தியைக் காட்டினான். "மேடம், இந்த மாதமும் இதே கதைதானா? எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. வாடகை கட்ட வேண்டாமா? எத்தனை முறை கேட்பது? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டும்." அனுப்பும் முன் என்னிடம் கொடுத்தான். "அண்ணா, கொஞ்சம் மரியாதையாக மாற்றிக் கொடுங்கள்."

அந்த ஐந்து வரியில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதை மரியாதையாக மாற்ற வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மாற்றிக் கொடுத்தேன். கணக்குப் பிரிவின் மனம் குளிர வேண்டும் என்பதற்காக அல்ல. அவன் எழுதியிருந்தபடி அனுப்பினால் அவர்களுக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும். "எத்தனை முறை கேட்பது" என்பதற்கு "சீக்கிரம் வந்துவிடும்" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். "பொறுப்பு வேண்டும்" என்று எழுதினால் சம்பளப் பேச்சு அப்படியே நின்றுபோய், நம் பையன் பேசிய விதம்தான் மேலாளர் வரைக்கும் போகும். தேதியையும் ஆதாரத்தையும் கேட்கிற கடிதத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

அந்தச் செய்தியிலேயே முக்கியமான தகவல் ஒன்று புலம்பலுக்குள் புதைந்து கிடந்தது: மற்றவர்களுக்கு வந்துவிட்டது. எவருக்குமே வரவில்லையென்றால் நிறுவனத்திடம் பணம் இல்லை, அல்லது கோப்பில் கையெழுத்து ஆகவில்லை. அப்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, எந்தத் தேதியில் தருவீர்கள் என்பது. ஒருவனுக்கு மட்டும் வரவில்லையென்றால் காரணம் அவன் பெயருக்கு எதிரே இருக்கும் வரியில் இருக்கிறது. வருகைப் பதிவு ஒப்புதலாகாமல் சம்பளம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். அல்லது வங்கிக்குப் போன கோப்பில் அவனுடைய கணக்கு எண்ணோ வங்கிக் கிளைக் குறியீடோ தப்பாக இருந்து பணம் திரும்பியிருக்கலாம்.

"சம்பளச் சீட்டு வந்துவிட்டதே, பாருங்கள்" என்று ஒரு பதில் சொல்வார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்குக் கொதிக்கிறது. சம்பளச் சீட்டு என்பது கணக்குப் போட்டு முடித்ததற்கு அடையாளம், பணம் போனதற்கு அல்ல. நெஃப்ட் வழியாகப் பணம் போயிருந்தால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் UTR என்று ஒரு எண் இருக்கும். "அனுப்பிவிட்டோம்" என்பவர்களிடம் அந்த எண்ணைக் கேட்க வேண்டும். எண் இருந்தால் ஊழியர் தன் வங்கியில் அதைக் காட்டித் தேடச் சொல்லலாம். எண்ணைத் தர மறுத்தால், பணம் இன்னும் கிளம்பவே இல்லை என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

இதையெல்லாம் வைத்து நாங்கள் எழுதிய கடிதம் இதுதான்.

"மதிப்பிற்குரிய கணக்குப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஸ்டோர் பிரிவில் பணிபுரிகிறேன். என் ஊழியர் எண் கீழே உள்ளது. கடந்த மாதச் சம்பளம் இன்று எட்டாம் தேதி காலை வரை என் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. வழக்கமாக ஒன்றாம் தேதிக்குள் வந்துவிடும். என் பிரிவில் மற்றவர்களுக்கு வந்துவிட்டதாக அறிகிறேன். என் கணக்கு எண்ணில் மாற்றம் எதுவும் இல்லை; அதன் கடைசி நான்கு இலக்கங்களையும் கிளைக் குறியீட்டையும் சரிபார்ப்பதற்காகக் கீழே தந்துள்ளேன்.

பணம் அனுப்பப்பட்டிருந்தால் அதன் UTR எண்ணையும் அனுப்பிய தேதியையும் தெரிவிக்க வேண்டுகிறேன். அனுப்பப்படவில்லை என்றால், காரணத்தையும் எந்தத் தேதியில் வரவாகும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். என் தரப்பில் ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் இன்றே தருகிறேன். வாடகையும் கடன் தவணையும் நிலுவையில் இருப்பதால் நாளை மாலைக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

நன்றி."

இதில் "தயவுசெய்து மன்னிக்கவும், தொந்தரவு செய்கிறேன்" என்ற வரியைத் தம்பி சேர்க்கப் பார்த்தான். நான் விடவில்லை. மாதம் முழுக்கப் பெட்டி தூக்கியவன் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? மரியாதை வேறு, கெஞ்சல் வேறு. வாடகையையும் தவணையையும் ஒரே ஒரு முறை சொன்னோம், அதுவும் கெடு வைப்பதற்கான காரணமாக மட்டும். போனில் கேட்காமல் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன், மனிதவளப் பிரிவுக்கும் ஒரு நகலோடு. போனில் சொன்ன "நாளைக்கு" எங்கும் பதிவாகாது.

சட்டத்தை இந்த முதல் கடிதத்தில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தந்துவிட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அது 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆக எட்டாம் தேதியன்று அவன் கேட்டது சலுகை அல்ல, கெடு தாண்டிப்போன பாக்கி. பதில் வராமல் இரண்டாவது கடிதம் எழுத நேர்ந்திருந்தால் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பதில் அன்று மதியமே வந்தது. வங்கிக்குப் போன கோப்பில் அவனுடைய கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்ததாம். அப்படி ஒரு கணக்கே இல்லாததால் பணம் திரும்பி நிறுவனத்தின் கணக்கிலேயே உட்கார்ந்திருந்ததாம். அப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெஃப்டில் பெயரைப் பார்த்து வரவு வைப்பதில்லை, எண்ணைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். அவன் சம்பளம் முகம் தெரியாத யாருக்கோ போயிருக்கும்.

என் ஆத்திரம் அந்த இலக்கத்தின் மீது இல்லை. தட்டச்சில் பிழை வரும், மனிதர்கள்தானே. நெஃப்டில் வரவு வைக்க முடியாத பணத்தைப் பெறும் வங்கி இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே பணம் திரும்பிய செய்தி, அனுப்பிய நாளிலேயோ மறுநாளோ நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் தெரிந்திருக்கும். ஒரு வாரமாக அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை. பார்த்திருந்தால் ஒரு போன், "தம்பி, உன் கணக்கு எண்ணைச் சரிபார்" என்று ஒரே ஒரு வரி போதுமே! அந்த ஒரு வாரத்தில் அவன் "எப்போது வரும்" என்று கேட்டபோதெல்லாம் கோப்பைப் பார்க்காமலேயே "ஆகிக்கொண்டிருக்கிறது" என்றார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பணம் மறுநாள் வந்துவிட்டது. தவணை திரும்பியதற்கான அபராதத்தை யார் கட்டுவது என்று கேட்டு இப்போது அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம், அதே மரியாதையோடு, வங்கி அறிக்கையின் நகலை இணைத்து.