இருபதும் பத்தும் முப்பதுதானே தம்பி?

திருகோணமலை என்.சி. வீதிப் பக்கம் ஒரு மின்கம்பத்தில் புதிதாக ஒரு ரியூசன் பதாகை தொங்குகிறது. ‘5ஆம் திகதிக்கு முன் கட்டினால் 10 சதவீதம் கழிவு, சகோதரர்களுக்கு 20 சதவீதம் கழிவு.’ பார்த்ததும் எனக்குப் பழைய தலையிடி திரும்பி வந்தது. சில வருடங்கள் ஒரு கல்வி நிலையத்தில் காசு வாங்கும் மேசையில் இருந்தவன் நான். பெயர் வேண்டாம்.

அங்கேயும் இதே கழிவுகள்தான். ஒரு அக்கா வந்தார். மூத்தவன் தரம் 10, மூன்று பாடம், பாடத்துக்கு 1500. இளையவள் தரம் 6, இரண்டு பாடம், பாடத்துக்கு 1000. மொத்தம் 6500. கையில் 4550 ரூபாயை எண்ணி மடித்துக் கொண்டு வந்திருந்தார். "இருபதும் பத்தும் முப்பதுதானே தம்பி?"

எங்கள் கொப்பியில் கணக்கு வேறு. சகோதரக் கழிவு இளைய பிள்ளைக்கு மட்டும். 2000இல் 400 போக 1600. மூத்தவனின் 4500ஐக் கூட்டினால் 6100. அதில் 10 சதவீதம் கழித்தால் 5490. அவர் கொண்டு வந்ததற்கும் நான் கேட்டதற்கும் 940 ரூபாய் வித்தியாசம். பதாகையில் இருந்தது ஒரு வரி, அதை அவர் வாசித்த விதத்தில் பிழையே இல்லை. எந்தப் பிள்ளைக்கு, எதைக் கழித்த பிறகு எது என்பதை நாங்கள்தான் எழுதவில்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை கதவுக்கு உள்ளே. எங்கள் ஒப்பந்தம் நூற்றுக்கு 75 சேருக்கு, 25 நிலையத்துக்கு. இளையவளின் 1000 ரூபாய்ப் பாடத்தில் சேருக்கு 750 போக வேண்டும். ஆனால் இரண்டு கழிவும் சேர்ந்தால் கைக்கு வருவதே 720. சேருக்கு முழுதாகக் கொடுத்தால் நிலையம் தன் பையிலிருந்து 30 ரூபாய் போட வேண்டும். வந்த காசைப் பிரித்தால் சேருக்கு 540. "கழிவு கொடுங்கோ எண்டு நான் சொன்னேனா?" என்று அவர் கேட்டது நியாயம்தானே. முதலாளி இரண்டாவது வழியைத்தான் எடுத்தார். அந்தத் தவணை முடிய விஞ்ஞான சேர் வேறு இடம் போய்விட்டார், பிள்ளைகள் பாதிப்பேரும் பின்னாலேயே போனார்கள்.

அதனால் என் கருத்து இதுதான். கழிவு சதவீதத்தில் வேண்டாம், ரூபாயில் சொல்லுங்கள். அதுவும் நிலையத்தின் பங்கிலிருந்து மட்டும். சகோதரக் கழிவு மூத்தவனின் பாடத்துக்கு 100, நேரத்துக்குக் கட்டினால் இரண்டு பேருக்கும் பாடத்துக்கு 50 என்று வைத்தால் அந்த அக்காவுக்கு 5950 வரும். 5490ஐ விடக் கூடத்தான், மறைக்கவில்லை. ஆனால் வீட்டிலேயே விரல் விட்டு எண்ணிச் சரியான காசோடு வரலாம், சேரின் பங்கிலும் கை படாது.

இன்னொன்று, சகோதரக் கழிவை இளைய பிள்ளையின் கார்ட்டில் போடாதீர்கள். மூத்தவன் சாதாரண தரம் எழுதிவிட்டு நின்றதும் கழிவும் நின்றுவிடும். அடுத்த மாதம் இளையவளின் 1600 திடீரென 2000 ஆகும். தாய்க்கு அது கட்டணம் கூடியதாகத்தான் தெரியும், சண்டை பிடிப்பார். மூத்தவனின் கார்ட்டில் போட்டால் அவன் போகும்போது கழிவும் அவனோடு போய்விடும். இளையவளின் கட்டணம் அசையாது.

(சகோதரர் யார் என்பதையும் எழுதிவையுங்கள். நம்மூரில் சித்தியின் மகனும் தம்பிதான். ஒரே முதலெழுத்து, ஒரே விலாசம் என்று கேட்டபோது ஒரு பெரியவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.)

அப்புறம் அந்த 5ஆம் திகதி. அரச சம்பளம் 25ஆம் திகதியளவில் வந்துவிடும். உத்தியோகத்தர் வீட்டுக்கு 5ஆம் திகதி ஒரு பிரச்சினையே இல்லை, கழிவு இல்லாவிட்டாலும் கட்டித்தான் இருப்பார்கள். திருக்கடலூரில் இருந்து வரும் பிள்ளையின் நிலை அப்படியில்லை. வாடைக் காற்றுக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, நம் பக்கக் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் பல நாள் கரையில்தான். கடல் விடும் நாளில்தான் வீட்டுக்குக் காசு வரும். வருடக் காசை மொத்தமாகத் தையில் கட்டினால் பெரிய கழிவு என்று சில இடங்களில் வைக்கிறார்களே, அது அந்த வீடுகளுக்கு ஆகக் கையிறுக்கமான மாதம். அவர்கள் கட்டும் முழுக் காசில்தான் மற்றவர்களின் கழிவு ஓடுகிறது.

பதிவு செய்யும்போதே 5ஆம் திகதியா 20ஆம் திகதியா என்று கேட்டுக் கார்ட்டில் எழுதிவிடலாம். எழுதிய திகதிக்கு முன் கட்டினால் 50 ரூபாய் கழிவு. நிலையத்துக்கும் இதில் ஒரு கஷ்டம் உண்டு, கட்டட வாடகை மாத முதலில் கேட்பார்கள். ஆனால் 5ஆம் திகதிக்காரர்களின் காசிலேயே வாடகை தேறிவிடுமா என்று போன மூன்று மாதக் கொப்பியைப் புரட்டினால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். நான் முதலாளியிடம் சொன்னேன். கொப்பியை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார்.