அட்ராக்டர் பாயிண்ட் முகப்பில் Bounds-ஐ எடுத்துவிடுங்கள்

கிராஸ்ஹாப்பர் கற்கும் எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்ப்பது அட்ராக்டர் பாயிண்ட் முகப்பு. சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு புள்ளி வைத்து, அதற்கு அருகில் பெரிய திறப்பு, தள்ளிப் போகப் போகச் சிறிய திறப்பு என்று வரவைப்பது. வழக்கமாகக் கற்றுத்தரும் டெஃபனிஷனில் ஒரு கோளாறு இருக்கிறது. அது திரையில் தெரியாது. நானும் பல நாள் அப்படியே செய்து, பேனல் வெட்டுபவர் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள தட்டையான சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேனல் 600 மில்லிமீட்டர் சதுரம், அப்படியானால் 20 × 10, மொத்தம் 200 பேனல். Divide Domain², Isotrim இரண்டும் சுவரைப் பிரித்துவிடும். Area ஒவ்வொரு பேனலின் மையத்தையும் தரும், Distance அந்த மையத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தைத் தரும். இதுவரை சிக்கல் இல்லை. அடுத்து, அந்த 200 தூரங்களையும் Bounds-இல் கொடுத்து, அதில் வரும் எல்லையை Remap Numbers-க்கு மூலமாக வைத்து, 0.8 முதல் 0.2 வரை மாற்றுவார்கள். அந்த எண்ணால் பேனலின் விளிம்பை மையத்தை நோக்கிச் சுருக்கினால் திறப்பு கிடைக்கும்.

Bounds செய்வது என்ன? கிடைத்த தூரங்களில் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று மட்டும் பார்க்கிறது. புள்ளியைச் சுவரின் நடுவுக்கு நேரே 100 மீட்டர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். நடுப் பேனலுக்கு 100 மீட்டர், மூலைப் பேனலுக்கு சுமார் 100.2 மீட்டர். அந்த 20 சென்டிமீட்டர் வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்கி, முழு 0.8 முதல் 0.2 வரை காட்டிவிடும். புள்ளி அருகில் இருந்தாலும் சரி, தொலைவில் இருந்தாலும் சரி, சுவரில் எப்போதும் மிகப் பெரிய திறப்பும் மிகச் சிறிய திறப்பும் இருந்தே தீரும். இதைப் புள்ளிக்குப் பதில் சொல்லும் முகப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் நான் Bounds-ஐ எடுத்துவிட்டு, Construct Domain வைத்து 0 முதல் 8000 என்று நானே எல்லை போடுகிறேன். புள்ளியின் செல்வாக்கு 8 மீட்டர் வரைதான் என்பது என் முடிவு, மென்பொருளின் முடிவு இல்லை. Remap Numbers-இல் Mapped-ஐ விட்டுவிட்டு Clipped வெளியீட்டை எடுக்க வேண்டும், இல்லையென்றால் 8 மீட்டருக்கு அப்பால் எண் 0.2-க்கும் கீழே இறங்கிவிடும். எல்லாத் திறப்பும் ஒரே அளவில் சிறியதாக வந்தால், கோப்பு மில்லிமீட்டரில் இருக்க நீங்கள் 8 என்று போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் வெளிச்சம். 0.5 என்றால் பாதி திறந்திருக்கிறது என்று தோன்றும். பக்கம்தான் பாதி, பரப்பு 25 சதவீதம். 0.8-க்கு 64 சதவீதம், 0.2-க்கு 4 சதவீதம். பரப்பு சீராகக் குறைய வேண்டுமென்றால் 0.64 முதல் 0.04 வரை மாற்றி, பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

வெட்டுபவரின் புகார் வேறு. ஏறக்குறைய ஒவ்வொரு பேனலும் வேறு அளவில் இருந்ததால், ஒவ்வொன்றுக்கும் தனி எண் ஒட்டி, தனியாக அடுக்கி, தளத்தில் தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. அதற்கும் சேர்த்து Expression-இல் இந்த ஒரு வரி போதும்:

```
Round(Sqrt(x)*10)/10
```

4 மீட்டர் தூரத்தில் உள்ள பேனலைப் பாருங்கள். மாற்றிய எண் 0.34, வர்க்கமூலம் 0.583, முழுமையாக்கினால் 0.6, திறப்பு 360 மில்லிமீட்டர். இப்படி 0.2 முதல் 0.8 வரை ஏழு வகைதான் வரும். புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினாலும் எல்லாப் பேனலும் வகை மாறாது. 120 மில்லிமீட்டரில் தொடங்கி 60, 60 ஆக ஏறி 480 வரை போகும் ஏழு திறப்புகளைப் பட்டறைக்காரரிடம் ஒரே தாளில் கொடுத்துவிடலாம்.

இதற்கும் ஒரு குறை உண்டு. புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு தெரியும், தள்ளி நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகவே தெரியும். வர்க்கமூலத்துக்குப் பிறகு, முழுமையாக்குவதற்கு முன், Random வைத்து −0.04 முதல் 0.04 வரை ஒரு சிறு எண்ணைக் கூட்டினால் வளையங்களின் விளிம்பு கலைந்துவிடும், வகை ஏழைத் தாண்டாது. ஆனால் Random-இன் Seed எண்ணை வரைபடத்திலேயே எழுதி வையுங்கள். வெட்டு தொடங்கிய பிறகு யாராவது அந்த ஸ்லைடரை நகர்த்தினால், எந்தப் பேனல் எங்கே என்ற பட்டியல் மாறிப்போகும்.