பிபி நல்லாருக்குன்னா அது எஸ்விடி தான்னு யார் சொன்னது?

ஜூனியர்ஸ் கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற ஒரு வாக்கியம் இது. "சார், வைட் காம்ப்ளெக்ஸ் டாக்கி, ரேட் 150, ஆனா பிபி 110/70 இருக்கு, பேஷண்ட் நல்லா பேசறார், அதனால எஸ்விடி வித் அபெரன்சியா தான் இருக்கும்." இந்த "அதனால"ங்கற வார்த்தை மேல தான் எனக்குக் கோவமே. பிபி எவ்ளோ நிக்குதுங்கறது ரேட் எவ்ளோ, இடது வென்ட்ரிக்கிள் எவ்ளோ பம்ப் பண்ணுதுங்கறத வச்சு தான் பெரும்பாலும் முடிவாகுது, அந்தத் துடிப்பு மேல ஏட்ரியத்துல இருந்து வர்ற எஸ்விடியா கீழ வென்ட்ரிக்கிள்ல இருந்து வர்ற விடியான்னு பிபி சொல்லவே சொல்லாது. 150 ரேட்ல மணிக்கணக்கா விடில இருந்துக்கிட்டு காபி கேக்குற பேஷண்ட் உண்டு, 220 ரேட்ல எஸ்விடி வந்து மயங்கி விழற பேஷண்டும் உண்டு. பிபிய வச்சு உடனே ஷாக் குடுக்கணுமா, யோசிக்க நேரம் இருக்கான்னு முடிவு பண்ணலாம். டயக்னோசிஸ் பண்ண முடியாது.

ஒரு கேஸ் எடுத்துக்குவோம். 62 வயசு ஆள், 4 வருஷத்துக்கு முன்னாடி முன்பக்க ஹார்ட் அட்டாக் வந்தவர். படபடப்புன்னு நடந்தே காஷுவால்டிக்கு வர்றார். பிபி 110/70. இசிஜில சீரான வேகம், க்யூஆர்எஸ் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு பெரிய கட்டம், அதாவது 150. க்யூஆர்எஸ் அகலம் 4 சின்னக் கட்டம், 160 மில்லிசெகண்ட். வி1ல மேல் நோக்கி இருக்கு, ரைட் பண்டில் மாதிரி தெரியுது, உடனே யாரோ ஒருத்தர் "ஆர்பிபிபி அபெரன்சி"ங்கறாங்க.

இசிஜிய பாக்கறதுக்கு முன்னாடியே பாதி விடை ஹிஸ்டரில இருக்கு. பழைய அட்டாக் இருந்தா அங்க தழும்பு இருக்கு, தழும்பு இருந்தா ரீஎன்ட்ரி சுத்தறதுக்குப் பாதை இருக்கு. 1988ல வந்த ஒரு ஆய்வுல வைட் காம்ப்ளெக்ஸ் டாக்கியோட வந்த 150 பேர்ல 122 பேருக்கு விடி தான். பழைய எம்ஐயும் சேர்ந்துட்டா எஸ்விடிக்கு ரொம்பக் கொஞ்ச இடம் தான் மிச்சம். அதனால என் கருத்துல நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எஸ்விடிங்கறவர் மேல தான், விடிங்கறவர் மேல இல்ல.

இப்ப பேப்பருக்கு வருவோம். நான் முதல்ல தேடறது ஒண்ணே ஒண்ணு தான், ஏட்ரியம் தனியா அடிச்சிட்டு இருக்கான்னு. விடில சைனஸ் நோட் பாட்டுக்கு அது வேகத்துல ஓடிட்டே இருக்கும், வென்ட்ரிக்கிள் அத கண்டுக்காம தன் வேகத்துல ஓடும், இதான் ஏவி டிஸ்ஸோசியேஷன். இவரோட லீட் 2 ரிதம் ஸ்ட்ரிப்புல ஒரு டி வேவ் மட்டும் மத்தத விடக் கூரா இருந்துச்சு, கொஞ்சம் தள்ளி ஒரு க்யூஆர்எஸ்ஸுக்கு முன்னாடி சின்னதா ஒரு மேடு. ரெண்டும் பி வேவா இருக்கலாம், ரெண்டுக்கும் நடுவுல 34 சின்னக் கட்டம். பாதி பண்ணா 17. ஒரு பேப்பர் ஓரத்துல 17 கட்டத்துக்கு ஒரு கோடு போட்டு ஸ்ட்ரிப் மேல நகத்திப் பாத்தா ஒவ்வொரு கோட்டுக்கு நேராவும் ஏதோ ஒரு சின்ன மேடோ பள்ளமோ இருக்கு, சிலது க்யூஆர்எஸ் உள்ளயே மறைஞ்சு போயிருக்கு. 1500ஐ 17ஆல வகுத்தா 88. ஏட்ரியம் 88ல, வென்ட்ரிக்கிள் 150ல. இனி எதையும் விவாதிக்க வேண்டியதில்ல, இது விடி.

அதே ஸ்ட்ரிப்புல ஒரே ஒரு க்யூஆர்எஸ் மட்டும் கொஞ்சம் ஒல்லியா, வேற வடிவத்துல இருந்துச்சு. அது ஃப்யூஷன் பீட். சைனஸ்ல இருந்து வந்த சிக்னல் சரியான நேரத்துல ஏவி நோட தாண்டி கீழ இறங்கி, விடியோட சிக்னலும் அதுவும் பாதி வழியில சந்திச்சதோட வடிவம் அது. முழுசா சைனஸே ஜெயிச்சிருந்தா ஒல்லியான க்யூஆர்எஸ்ஸா வந்திருக்கும், அது கேப்சர் பீட். ரேட் அதிகமா இருந்தா இது ரெண்டும் அபூர்வம், அதனால தான் 10 செகண்ட் பேப்பரோட நிறுத்தாம நீளமா ஒரு ஸ்ட்ரிப் ஓட்டச் சொல்லி சிஸ்டர் கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டே இருக்கேன். கழுத்தையும் பாருங்க, நடுநடுவுல திடீர்னு பெருசா துள்ளுற கேனன் வேவ் இருந்தா அதுவும் இதே டிஸ்ஸோசியேஷன் தான்.

ஆனா ஒண்ணு, பி வேவ் தெரியலன்னா விடி இல்லன்னு ஆகிடாது. நிறைய விடில அது கண்ணுக்கே தெரியாது, சில விடில சிக்னல் பின்னோக்கிப் போய் ஏட்ரியத்த ஒண்ணுக்கு ஒண்ணு அடிக்கவும் செய்யும். அப்ப வடிவத்தப் பாக்கணும். அபெரன்சில சிக்னல் ஹிஸ் பர்கிஞ்சிங்கற பைபாஸ் ரோட்டுல தான் கிளம்புது, ஒரு கிளை மட்டும் அடைபட்டிருக்கு, அதனால க்யூஆர்எஸ்ஸோட ஆரம்பம் சரக்குன்னு கூர்மையா இருக்கும், அகலம் பின்னாடி தான் வரும். விடி பொதுவா தசைக்குள்ளயே பிறக்குது, அதனால ஆரம்பமே சோம்பலா இழுத்துட்டு ஏறும். 1991ல வந்த ப்ருகாடா முறையில ஆர் ஆரம்பத்துல இருந்து எஸ் அடிமட்டம் வரைக்கும் ஏதாவது ஒரு மார்பு லீட்ல 100 மில்லிசெகண்டத் தாண்டினா விடிங்கறதும் இதே தத்துவம் தான். நம்ம ஆளுக்கு வி1ல ரெண்டு காது இருந்துச்சு, இடது காது தான் உயரம், உண்மையான ஆர்பிபிபில வலது காது தான் உயரமா இருக்கும். லீட் 1, ஏவிஎஃப் ரெண்டும் கீழ் நோக்கி, ஏவிஆர் மேல் நோக்கி. சாதாரண பண்டில் பிளாக் இந்த ஆக்சிஸ்ல வராது.

வெராபமில் விஷயம் சொல்லாம விட முடியாது. 1987ல வந்த ஒரு ரிப்போர்ட்ல விடியோட இருந்த 25 பேருக்கு ஐவி வெராபமில் போனதுல 11 பேருக்கு உடனே பிபி விழுந்துச்சு, இல்ல நினைவு போச்சு. விடிய எஸ்விடின்னு நெனச்சா இப்படி ஆகும், எஸ்விடிய விடின்னு நெனச்சு ஷாக் குடுத்தா அதுவும் சைனஸுக்குத் தான் போகும். ரெண்டு தப்பும் ஒரே எடை இல்ல. அடினோசின், ரிதம் சீரா, ஒரே வடிவமா இருந்து பேஷண்டும் ஸ்டேபிளா இருந்தா குடுத்துப் பாக்கலாம், ஸ்ட்ரிப் ஓடிட்டே இருக்கணும், டிஃபிப் பக்கத்துல இருக்கணும். ஆனா நின்னுடுச்சுங்கறதால மட்டும் எஸ்விடின்னு எழுதாதீங்க, வலது அவுட்ஃப்ளோல இருந்து வர்ற விடியும் அடினோசினுக்கு நிக்கும். ரிதம் ஒழுங்கில்லாம இருந்தா தொடவே தொடாதீங்க, அது டபிள்யூபிடபிள்யூல வர்ற ஏஎஃப்பா இருக்கலாம், விஎஃப்ல முடியும்.

விடி பக்கம் சாயறதுலயும் ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லிடறேன். க்யூஆர்எஸ் 200ஐத் தாண்டி ரொம்ப அகலமா, ரேட் மட்டும் 120க்குக் கீழ இருந்தா முதல்ல பொட்டாசியம் பாருங்க, டயாலிசிஸ் பேஷண்ட்னா ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம கால்சியம் குடுங்க. இளவயசுல, இதயம் நல்லா இருக்குற ஆளுக்கு ஆர்பிபிபி வடிவமும் இடது ஆக்சிஸும் சேர்ந்து 120, 130 அகலத்துல வந்தா அது ஃபாசிக்குலர் விடியா இருக்கலாம், வெராபமில்லுக்குக் கேக்குற விடில முக்கியமானது அது, அதையும் கார்டியாலஜிஸ்ட் பாத்துட்டு முடிவு பண்ணட்டும். பழைய இசிஜில சைனஸ்லயே அச்சு அசலா இதே பண்டில் பிளாக் இருந்தா, அங்க எஸ்விடிங்கறவருக்கு நானும் தலையாட்டுவேன்.

நம்ம ஆளுக்கு அமியோடரோன் 150 மில்லிகிராம் 10 நிமிஷத்துல போச்சு, நிக்கல, செடேஷன் குடுத்து 100 ஜூல் சிங்க்ரனைஸ்ட் ஷாக், சைனஸ் வந்துடுச்சு. அப்புறம் எடுத்த இசிஜில க்யூஆர்எஸ் ஒல்லி, வி1ல இருந்து வி4 வரைக்கும் க்யூ வேவ். எக்கோல இஎஃப் 30 சதவீதம். இவருக்கு ஐசிடி வைக்கறதப் பத்திப் பேசணும். அன்னிக்கு சீட்டுல "எஸ்விடி, ரிவர்ட்டட்"னு எழுதியிருந்தா ஒரு மாத்திரையோட வீட்டுக்குப் போயிருப்பார், அடுத்த தடவ எங்க, எந்த ரேட்ல வரும்னு யாருக்கும் தெரியாது. அதனால ரிதம் மாறுறதுக்கு முன்னாடி எடுத்த 12 லீட் பேப்பர போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அந்தப் பேப்பர் கொஞ்ச நாள்ல வெளுத்துடும், ஒரு ஜெராக்ஸ் டிஸ்சார்ஜ் சம்மரியோட பின் பண்ணிக் குடுங்க.